பெயரை மாற்றிப் பாருங்கள்: வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஒரு தீபாவளி வாழ்த்து

இந்த மாதப் பாடத்தை என்னுடைய ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. காலை 6 மணி. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறை காலியாகக் காத்திருந்த நேரத்தில் புலனத்தைத் திறந்தேன். யாரோ அனுப்பிய வாழ்த்துப் படம் ஒன்று இருந்தது. தங்க நிறத்தில் குத்துவிளக்கு, சுற்றிலும் மத்தாப்பு. கீழே இப்படி எழுதியிருந்தது:

"இருள் அகன்று ஒளி பரவட்டும்! துன்பம் நீங்கி இன்பம் பெருகட்டும்! தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்!"

நல்லாத்தானே இருக்கு என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்ப ஆரம்பித்தேன். பல கை மாறி வந்த செய்தியைப் புலனம் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப விடும். அதனால் ஒவ்வொருவர் பெயராகத் தேடித் தேடித் தட்டினேன். 37 பேர். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆகியிருக்கும்.

அந்த 37 பேரில் இங்கிலாந்தில் இருக்கும் பெரியம்மாவும் ஒருவர். என் அம்மாவுடன் பிறந்தவர்கள் ஏழு பேர். பெரியம்மா மூத்தவர், அம்மா கடைசி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, 1970-களில் தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர், அங்கேயே குடும்பமாகிவிட்டார். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் பெரியப்பா காலமாகியிருந்தார்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது.

"நன்றி தம்பி. இந்த வருஷம் நாங்க கொண்டாடல."

பெரியம்மா என்னை எப்போதும் 'சின்னவனே' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குத் 'தம்பி' என்று எழுதியிருந்தார். வீட்டில் ஒரு சாவு நடந்தால் அந்த ஒரு வருஷம் பண்டிகை இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. பெரியப்பா இறந்ததும் தெரியும். அந்த 37 பேரில் யாருக்கு அனுப்புகிறோம் என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் என்ன தெரிந்தது?

முதலில், பெரியம்மாவின் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று பார்ப்போம். அனுப்பிவைத்த செய்தியின் மேலே "Forwarded" என்று சின்ன எழுத்தில் வரும். ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்ததாக இருந்தால் இரட்டை அம்புக்குறியுடன் "Forwarded many times" என்று வரும். அதாவது வாழ்த்தைப் படிக்கும் முன்பே, இது உங்களுக்காக எழுதியது இல்லை என்று அந்த வரி சொல்லிவிடுகிறது.

சிலர் வரிகளை நகல் எடுத்து ஒட்டி அனுப்புவார்கள். அப்போது அந்தச் சொல் வராது. ஆனாலும் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். 'தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும்' என்று எந்த வீட்டில், எந்தப் பிள்ளை, எந்தப் பெரியம்மாவிடம் பேசுகிறான்? அது கல்யாணப் பத்திரிகையின் மொழி.

இன்னொன்று நேரம். நம்ம ஊரில் காலை 6 மணி என்றால், அன்று இங்கிலாந்தில் முந்தின நாள் இரவு 10 மணி. பெரியம்மா தனியாகப் படுக்கப் போகிற நேரத்தில் என் மத்தாப்புப் படம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்று மதியம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "விளக்கம் ஒண்ணும் சொல்லாத. தப்புன்னு சொல்லு, அப்புறம் கூப்பிட்டுப் பேசு" என்றார். நான் எழுதியது இவ்வளவுதான்:

"பெரியம்மா, காலையில யோசிக்காம ஒரு படத்த அனுப்பிட்டேன். மன்னிச்சிடுங்க. இந்த வருஷம் உங்க வீட்டுல தீபாவளி இல்லன்னு எனக்குத் தெரியும். சாயங்காலம் கூப்பிடுறேன்."

இதில் கவனிக்க வேண்டியது, வாழ்த்து என்ற சொல்லே இல்லை. துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் வருஷம் 'இனிய', 'மகிழ்ச்சி', 'கொண்டாட்டம்' எதுவும் வேண்டாம். 'பண்டிகை நாளில் உங்களை நினைத்தோம்' என்று தெரிந்தால் போதும். 'எல்லாருக்கும் அனுப்பும்போது தெரியாமல் வந்துவிட்டது' என்று காரணம் சொல்வதும் வேண்டாம். அது, நீங்கள் அந்த 'எல்லாரில்' ஒருவர் என்பதைத்தான் மறுபடி சொல்லும்.

பெயர் மாற்றும் சோதனை

அடுத்த ஆண்டு, 2025 அக்டோபர் 20. பெரியம்மா வீட்டில் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இந்த முறை ஒழுங்காக எழுத வேண்டும் என்று தீபாவளிக்கு முந்தின இரவே உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது:

"அன்புள்ள பெரியம்மா, உங்களுக்கும் வீட்டில் உள்ள அனைவருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள். நாங்கள் அனைவரும் இங்கு நலம். நீங்கள் நலமா? உங்களை மிகவும் நினைத்துக்கொள்கிறோம்."

சொந்தமாகத் தட்டியதுதான். நகல் இல்லை. ஆனால் பொறியியல் படிக்கிறவனுக்கு எதையும் ஒரு சோதனை வைத்துப் பார்க்காமல் மனம் ஆறாது. 'பெரியம்மா' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அத்தை' என்று போட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட இடிக்கவில்லை. 'சார்' என்று போட்டேன். அதற்கும் பொருந்தியது.

பாடத்தின் மையம் இதுதான். பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்ப முடிந்தால், நாமே எழுதியிருந்தாலும் அது பொது வாழ்த்துதான். மாற்றினால் எங்காவது ஒரு வரி இடிக்க வேண்டும். அந்த இடிக்கிற வரிதான் அவருக்கானது.

இரண்டாவது முயற்சி எங்கே கெட்டது?

சரி, விவரம் சேர்க்கலாம் என்று அடுத்து எழுதினேன்:

"பெரியம்மா, இங்க தீபாவளிக்கு மாமா வீட்டு ஆளுங்க எல்லாம் வந்திருக்காங்க. கோழி, ஆடு ரெண்டும் சமைக்கிறோம். முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி, நெய் உருண்டை எல்லாம் செஞ்சாச்சு. நான் மூணாவது வருஷம் படிக்கிறேன். தங்கச்சி சோதனை எழுதப் போறா. எல்லாரும் ஒண்ணா இருக்கோம், நீங்க மட்டும்தான் இல்ல."

பெயர் மாற்றும் சோதனையில் இது பாதி தேறிவிடும். ஆனா அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது கடைசி வரியில் அம்மாவின் முகம் மாறியது. "அக்கா இத படிச்சிட்டு அழும்டா" என்றார்.

இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று, அது செய்தி அறிக்கை மாதிரி இருக்கிறது. ஏழெட்டு விஷயத்தை ஒவ்வொரு வரியாகச் சொன்னால் எதுவும் கண்முன் வராது, பதில் எழுத எதைப் பிடிப்பது என்றும் தெரியாது. இரண்டாவது தப்பு பெரிசு. 'நீங்க மட்டும்தான் இல்ல' என்பதைப் பாசமாகத்தான் எழுதினேன். ஆனால் தனியாக இருக்கிற ஒருவர் அதைப் படித்தால், நம் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்பதுபோல் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எழுதும்போது நாம் அடிக்கடி செய்யும் பிழை இது. அவர் இங்கே இல்லை என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரை நம் சமையலறைக்குள் கொண்டு வருகிற ஒரு வரி எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும்.

எழுதும் முன் மூன்று கேள்வி

பேனாவை எடுக்காமல் அம்மாவுடன் பத்து நிமிடம் பேசினேன். மூன்றே கேள்வி.

இந்த வாரம் வீட்டில் நடந்த எந்தச் சின்ன விஷயம் பெரியம்மாவை ஞாபகப்படுத்தியது? அன்று மாலைதான் அம்மா நெய் உருண்டை பிடித்தார். வறுத்து அரைத்த பயற்றமாவில் சீனி கலந்து, உருக்கிய நெய்யைச் சூடாக ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். நடுவில் தொலைபேசி வந்தது. நெய் ஆறிவிட்டது. பாதி உருண்டை தட்டிலேயே உதிர்ந்துபோனது. "அக்காவா இருந்தா கை சுடச் சுடப் புடிச்சிருக்கும்" என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

அவருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்தது என்ன? கடைசியாக அவர்கள் மலேசியா வந்திருந்தபோது பெரியப்பா உதிர்ந்த நெய் உருண்டையைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார். "உருட்டினாத்தான் இனிக்குமா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது என்ன? பாட்டி லயத்து வீட்டில் ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது உருண்டை பிடிப்பாராம். நெய்யை எப்படி ஆறாமல் வைத்திருந்தார்? அம்மா அப்போது குழந்தை, அவருக்கு நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உருட்டியவர் பெரியம்மா.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் உதவியது. 'நலமா?' என்று கேட்டால் 'நலம்' என்று பதில் வரும், அல்லது கைகூப்பும் படம் ஒன்று வரும். முந்தைய ஆண்டுகளில் நான் அனுப்பிய படங்களுக்குப் பெரியம்மா அனுப்பியதும் அந்தக் கைகூப்பு மட்டுமே. அவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்டால்தான் அவருக்குப் பேச இடம் கிடைக்கும்.

கடைசியாக அனுப்பியது

"பெரியம்மா, சின்னவன் எழுதுறேன். நேத்து அம்மா நெய் உருண்டை புடிச்சாங்க. நடுவுல போன் வந்து நெய் ஆறிப்போச்சு, பாதி உதிர்ந்துடுச்சு. 'அக்காவா இருந்தா கை சுடச் சுடப் புடிச்சிருக்கும்'னு சொன்னாங்க. உதிர்ந்தத பாத்ததும் பெரியப்பா கரண்டியால அள்ளிச் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் வந்துச்சு. பாட்டி அத்தன உருண்டை புடிக்கிறப்ப நெய் ஆறாம எப்படி வச்சுக்குவாங்க? தீபாவளி வாழ்த்து பெரியம்மா."

கூடவே ஒரு படம். குத்துவிளக்கு இல்லை, குடும்பமாக நின்று எடுத்ததும் இல்லை. உதிர்ந்த மாவு கிடந்த தட்டு, ஓரத்தில் அம்மாவின் கை.

இப்போது பெயரை மாற்றிப் பாருங்கள். அத்தைக்கு அனுப்ப முடியாது, மாமாவுக்கும் முடியாது. ஏறக்குறைய எல்லா வரியும் இடிக்கும்.

இந்தச் செய்தி பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

மொழி: நான் பேசுகிற மாதிரியே எழுதினேன். 'நேற்று' என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் 'நேத்து' என்று படிக்கும்போது பெரியம்மாவுக்கு என் குரல் கேட்கும். எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசியுங்கள். எங்கே நாக்குத் தடுக்குகிறதோ அந்தச் சொல் நம்முடையது இல்லை.

இறந்தவர் பெயர்: பெரியப்பாவைப் பற்றி எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சொன்னால் வருத்தப்படுவாரோ என்று பயந்து எல்லாரும் பேசாமல் விட்டுவிடுகிறோம். முதல் வருஷம் முடிந்த பிறகு, அவர் இறந்ததைப் பற்றி இல்லாமல், அவர் இருந்தபோது செய்த ஒன்றைச் சொல்லலாம் என்று அம்மா சொன்னார். அதை 'உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்' என்று நீட்டாமல் ஒரே வரியில் விட்டுவிட வேண்டும்.

வாழ்த்து: 'தீபாவளி வாழ்த்து பெரியம்மா' என்ற மூன்று சொல்தான். அதுவும் கடைசியில். முன்னால் உள்ள வரிகள் அந்த வேலையைச் செய்துவிட்டதால் 'ஒளி பரவட்டும்' தேவைப்படவில்லை.

எப்போது அனுப்புவது?

தீபாவளி அன்று மாலை 3 மணிக்கு அனுப்பினேன். அங்கே காலை 8 மணி. முந்தைய ஆண்டு 8 மணி நேர வித்தியாசம் இருந்ததே, இப்போது எப்படி 7 ஆனது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். தீபாவளி அதற்கு முன் வந்தால் 7 மணி நேரம், பின் வந்தால் 8. மெல்பர்ன், சிட்னியில் சொந்தம் இருந்தால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் நமக்கு 3 மணி நேரம் முன்னால் இருப்பார்கள். பெர்த் நம்ம நேரமேதான்.

நாம் எண்ணெய்க் குளியல் முடித்த உற்சாகத்தில் அனுப்புகிற நேரம், அவர் கண் விழித்துத் தேநீர் குடிக்கிற நேரமாக இருக்காது. அவர் உட்கார்ந்து படிக்கிற நேரத்துக்கு அனுப்பினால் பதிலும் நிதானமாக வரும்.

தமிழ் படிக்கத் தெரியாத அண்ணன்

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. இத்தனை வருஷம் நான் அனுப்பிய தமிழ் வாழ்த்துப் படங்கள் அவருக்கு வெறும் படங்கள்தான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அங்கே தீபாவளிக்குப் பொது விடுமுறையும் கிடையாது. அந்தத் திங்கட்கிழமை அவர் வேலையில் இருந்தார்.

அவருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். சுமார் 20 விநாடி. வாணலியில் முறுக்கு வேகிற சத்தம் முதலில் வருகிற மாதிரி அடுப்புப் பக்கம் நின்று பேசினேன்: "அண்ணே, கேக்குதா? முறுக்கு. உங்க பங்க நான்தான் சாப்பிடுறேன். வேல முடிஞ்சதும் சொல்லுங்க, வீடியோவுல வரேன்." குரல் செய்தி ஒரு நிமிடத்தைத் தாண்டினால் வேலையில் இருப்பவர் 'அப்புறம் கேட்கலாம்' என்று தள்ளிவிடுவார், பிறகு மறந்தும்விடுவார். அதனால் சுருக்கமாகப் பேசுங்கள்.

எல்லாருக்கும் முடியுமா?

முடியாது. 37 பேருக்கு இப்படி எழுத முயன்றால் பத்தாவது ஆளுக்கு வருவதற்குள் மறுபடியும் பொது வாழ்த்து ஆகிவிடும். நான் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தேன். தூரத்தில் இருப்பவர், தனியாக இருப்பவர், அந்த வருஷம் ஏதாவது நடந்த வீடு, இவர்களுக்கு முதலிடம். மற்றவர்களுக்கு 'தீபாவளி வாழ்த்து அத்தை' என்று முறை சொல்லி ஒரே வரி. அது சின்னதுதான், ஆனால் நாமே தட்டிய வரி.

ஒரு எச்சரிக்கை. நன்றாக வந்துவிட்டதே என்று அதே வரிகளைக் கொஞ்சம் மாற்றி அவருடைய தம்பிக்கோ தங்கைக்கோ அனுப்பாதீர்கள். நம் சொந்தங்கள் வந்த செய்தியை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்று என்று தெரிந்தால், படம் அனுப்பியதைவிட மோசமாகிவிடும்.

என்ன பதில் வந்தது?

அன்று மாலை பெரியம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. மூன்று நிமிடத்துக்கும் மேல். முதல் சொல் "சின்னவனே".

பாட்டி எல்லா மாவிலும் ஒரே நேரத்தில் நெய்யை ஊற்ற மாட்டாராம். ஐந்தாறு உருண்டைக்கு வேண்டிய மாவை மட்டும் ஒரு தட்டில் பிரித்து, அதற்கு மட்டும் நெய் ஊற்றி உருட்டுவார். மீதி நெய்ச் செம்பு வெந்நீர்ப் பானைக்குள் உட்கார்ந்திருக்கும். செம்பைத் தூக்கித் தருவதுதான் பெரியம்மாவின் வேலை. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இத்தன வருஷமா இது எனக்குத் தெரியாது பாரு" என்றார்.

செய்தியின் கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, "பெரியப்பா கரண்டியால சாப்பிட்டது எனக்கே மறந்து போச்சுடா. நல்லவேள நீ சொன்ன" என்றார்.

அடுத்த சந்திப்புக்கு முன் பயிற்சி

1. கடந்த தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வெளிநாட்டில் உள்ள ஒரு சொந்தத்துக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்தைத் திறங்கள். பெயரை மாற்றிப் பாருங்கள். எந்த வரியாவது இடிக்கிறதா?

2. அந்த ஒருவரைப் பற்றி மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பேசிப் பதில் எழுதுங்கள். அவர் வீட்டில் இந்த ஆண்டு துக்கம் ஏதும் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஆறேழு வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். ஒரு காட்சி, ஒரு நினைவு, ஒரு கேள்வி, வாழ்த்து. வாய்விட்டு வாசித்து, தடுக்குகிற சொல்லை மாற்றுங்கள்.

4. அவர் ஊரில் அப்போது மணி என்ன என்று பார்த்து அனுப்புங்கள். வந்த பதிலில் உங்களுக்குப் புதிதாகத் தெரிந்த ஒன்றை அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள்.